துணி எங்கே, காது எங்கே: தலைப்பாகையையும் முக்காட்டையும் படக்கருவிக்கு விவரிக்கும் முறை

எழுத்து விவரிப்பைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கருவிகள் இப்போது முகத்தை நன்றாகவே வரைகின்றன. கண், மூக்கு, தோலின் நிறம் எல்லாம் நம்பும்படி வந்துவிடும். தலையில் துணி சுற்றிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், குறை காதருகே தெரியும். துணியின் ஒரு மடிப்பு காது மடலுக்குள் புகுந்து மறையும். முடிக்கற்றை ஒன்று துணியாகவே மாறிக் கீழே இறங்கும். காது முழுதாகத் துணிக்கு மேல் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். சில படங்களில் ஜிமிக்கி காதில் தொங்காமல் துணியில் தொங்கும்.

இதற்குக் காரணம், இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான புகைப்படங்களையும் அவற்றின் கீழிருந்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவை என்பதுதான். அந்தக் குறிப்புகளில் 'தலைப்பாகை அணிந்த மனிதர்' என்ற அளவில்தான் எழுதியிருக்கும். காதின் எந்தப் பகுதி துணிக்குள் இருக்கிறது, முடி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மேலும், பஞ்சாபியரின் தலைப்பாகை, ராஜஸ்தானியரின் சாஃபா, மேலைநாட்டுப் பெண்கள் அழகுக்காகத் தலையில் சுற்றும் துணி, மேடை மந்திரவாதியின் அணி ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே ஆங்கிலச் சொல்தான். அந்தச் சொல்லை மட்டும் கொடுத்தால் எல்லாவற்றையும் கலந்த ஒன்றுதான் வரும். நெற்றியில் கல் பதித்த பதக்கம் கேட்காமலே முளைப்பது இதனால்தான்.

ஆகவே, ஆடையின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அது தலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தால் போதும். முடி எங்கே போயிருக்கிறது? துணியின் விளிம்பு நெற்றியில் எந்த இடத்தில் இருக்கிறது? அந்த விளிம்பு காதை எப்படிக் கடக்கிறது? பிடரியில் எங்கே முடிகிறது? ஆடை எதுவானாலும் கேள்விகள் இவைதான், விடைகள் மட்டும் மாறும். மிகவும் நுட்பமானதும் மிகுதியாகத் தவறாக வருவதுமான சீக்கியத் தலைப்பாகையை முதலில் விரிவாகப் பார்க்கிறேன். அது பிடிபட்டால் துப்பட்டாவும் ஹிஜாபும் எளிது.

முதல் படி: கட்டும் முறையைத் தெரிந்துகொள்வது

சீக்கியர்கள் தங்கள் தலைப்பாகையைத் தஸ்தார் என்றும் பகடி என்றும் சொல்வார்கள். சீக்கிய நெறியைக் கடைப்பிடிப்பவர் முடியை வெட்டுவதில்லை. அந்த நீண்ட முடியை முன்னோக்கிக் குனிந்து வாரி, உச்சியில் முறுக்கிச் சிறு கொண்டையாக முடிகிறார்கள். இதற்கு ஜூடா என்று பெயர். அதன்மேல் பட்கா என்ற சிறு துணியையோ, நெற்றியை ஒட்டி ஒரு பட்டையாக வரும் உள்துணியையோ கட்டுகிறார்கள். இந்த உள்துணியை ஃபிஃப்டி என்கிறார்கள். பெரும்பாலும் தலைப்பாகையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் அது இருக்கும். கட்டி முடித்த பிறகு நெற்றியின் நடுவில் ஒரு சிறு முக்கோணமாக மட்டும் எட்டிப் பார்க்கும்.

தலைப்பாகைத் துணி மெல்லிய பருத்தி. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் ஐந்து, ஆறு மீட்டர் நீளமும் இருக்கும். இருவர் இரு முனைகளைப் பிடித்து இழுத்து, அதை நீளவாக்கில் பலமுறை மடித்துப் பட்டையாக்குகிறார்கள். கட்டுபவர் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பட்டையைப் பின்தலையிலிருந்து காதுக்கு மேலாகக் கொண்டுவந்து நெற்றியில் சாய்வாக ஏற்றுகிறார். அடுத்த சுற்று எதிர்ச்சாய்வில் வருகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சற்று மேலே ஏறுவதால், பக்கவாட்டில் மடிப்புகள் படிப்படியாக அடுக்கி நிற்கும். கடைசிச் சுற்றை விரித்து உச்சியை மூடிப் பின்னால் செருகுகிறார்கள். பல்லில் கடித்திருந்த முனையையும் உள்ளே செருகியதும் வேலை முடிந்தது. மடிப்புகளைச் சீராக்கவும், வெளியே தெரியும் முடியை உள்ளே தள்ளவும் ஒரு மெல்லிய உலோகக் குச்சியைப் பயன்படுத்துவார்கள்.

இந்தக் கட்டு முறையிலிருந்து நம் நான்கு விடைகளும் கிடைத்துவிடுகின்றன. முடி முழுவதும் உச்சிக்குப் போய்விட்டதால் நெற்றியில் ஒரு கற்றைகூடத் தொங்காது, பிடரியில் முடி கீழே விழாது. பிடரியின் ஓரத்தில் மேல்நோக்கி வாரப்பட்ட மெல்லிய முடி கொஞ்சம் தெரியலாம், அவ்வளவுதான். துணியின் கீழ்விளிம்பு நெற்றியின் நடுவில் உயர்ந்தும் இரு காதுகளை நோக்கித் தாழ்ந்தும், கவிழ்த்து வைத்த V எழுத்தாகச் செல்லும். தொப்பியின் விளிம்பைப்போல் நெற்றியில் நேர்கோடாக ஓடாது. கருவிகள் மிகச் சாதாரணமாகச் செய்யும் தவறு இந்த நேர்கோடுதான்.

காதுக்கு வருவோம். இறங்கி வரும் விளிம்பு காது மடலின் மேல்பகுதியை மூடியபடி பின்னால் போகிறது. மேல் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ துணிக்குள் இருக்கும். கீழ்ப்பாதியும் சோணையும் வெளியே தெரியும். கட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். காது முழுவதையும் மூடிக் கட்டுபவர்களும் உண்டு. எப்படியானாலும் இறுக்கிக் கட்டிய துணி காதைத் தலையோடு சேர்த்து அழுத்தியிருக்கும். எனவே காது விரிந்து நிற்காது. துணியின் விளிம்புக்குக் கீழே, காதின்மேல் ஒரு மெல்லிய நிழல் விழும். அந்த நிழல் இருந்தால்தான் துணி காதின்மேல் இருக்கிறது என்று பார்ப்பவரின் கண் நம்பும்.

கிருதா இருக்கும் இடத்தை, அதாவது காதுக்கு முன்னாலுள்ள விரல் அகலப் பட்டையை, இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். முடியும் தாடியும் வெட்டப்படாதவை. ஆகவே தாடி கன்னத்திலிருந்து மேலேறி, காதுக்கு முன்னால் இடைவெளியின்றிச் சென்று, துணியின் விளிம்புக்குள் மறைகிறது. கருவிகளோ சலூனில் சீராக்கிய தாடிகளைத்தான் மிகுதியாகப் பார்த்துப் பழகியிருக்கின்றன. அதனால் கிருதாவைக் கத்தரித்து, தாடிக்கும் தலைப்பாகைக்கும் நடுவே வெறும் தோலைக் காட்டிவிடும். கழுத்தில் கத்தியால் இழுத்த கோடும் வந்துவிடும். நமக்கு அது சிறு விஷயமாகத் தோன்றலாம். சீக்கியர் ஒருவருக்கு அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். முடியை வெட்டாதிருப்பது அவர் ஏற்றுக்கொண்ட நெறி என்பதால், வெட்டிய முடியோடு தலைப்பாகையை வரைவது அந்த மனிதரையே வேறொருவராக்கிவிடுகிறது.

இரண்டாம் படி: கீழிருந்து மேலாக எழுதுவது

துணி தலையில் ஏறிய வரிசையிலேயே விவரிப்பையும் எழுதுங்கள். முதலில் முடி, அடுத்து உள்துணி, பிறகு தலைப்பாகை, கடைசியாகக் காது. 'நீலத் தலைப்பாகை, தாடி, காது தெரிகிறது' என்று துண்டு துண்டாக எழுதினால் கருவி மூன்று பொருள்களையும் தனித்தனியாக வரைந்து ஒட்டிவிடும். 'விளிம்பு காதின் மேல்பாதியை மூடுகிறது, கீழ்ப்பாதி விளிம்புக்குக் கீழே தெரிகிறது' என்று எழுதும்போதுதான் இரண்டுக்கும் இடையிலுள்ள உறவு அதற்குக் கிடைக்கிறது. மூடுகிறது, கீழிருந்து வெளிப்படுகிறது, உள்ளே மறைகிறது போன்ற வினைகள்தான் இந்த வேலையைச் செய்பவை. நிறத்துக்கும் துணி வகைக்கும் ஓரிரு சொற்கள் போதும்.

இடத்தைச் சொல்லும்போது சென்டிமீட்டர் கணக்கு உதவாது. புருவம், காது, பிடரி ஆகிய முகத்தின் அடையாளங்களைக் கொண்டே சொல்லுங்கள். 'புருவத்துக்கு மேல் நெற்றியின் பாதி தெரிகிறது' என்றால் கருவி பிடித்துக்கொள்ளும். 'நெற்றியில் மூன்று சென்டிமீட்டர்' என்றால் பிடித்துக்கொள்ளாது.

வேண்டாதவற்றை மறுத்து எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நெற்றியில் முடி இல்லை' என்று எழுதினால் பல கருவிகள் 'நெற்றி', 'முடி' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, 'இல்லை' என்பதை நழுவவிட்டுவிடும். விளைவாக, கேட்காதபோது வராத முடி கேட்டதும் வந்து நிற்கும். வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டி உள்ள கருவியில் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தலாம். இல்லாத கருவியில் நேர்மறையாகவே சொல்லிவிடுங்கள். 'முடி முழுவதும் மேல்நோக்கி வாரப்பட்டுத் துணிக்குள் இருக்கிறது, நெற்றி தெளிவாக இருக்கிறது' என்பது அப்படிப்பட்ட வாக்கியம். பதக்கத்தைத் தவிர்க்கவும் இதே வழிதான். 'எளிய பருத்தித் துணி, மடிப்புகள் மட்டுமே' என்றால் பதக்கத்துக்கு இடமே இருக்காது.

மூன்றாம் படி: கோணத்தை நீங்களே முடிவு செய்வது

நேர்முகப் படத்தில் இரண்டு காதுகளும் தெரியும். இரண்டிலும் துணி ஒரே மாதிரிக் கடக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் வரும். முக்கால் பக்கக் கோணத்தைக் கேட்டால் ஒரு காது மட்டுமே தெரியும், தவறும் பாதியாகக் குறையும். மடிப்புகளின் அடுக்கும் அந்தக் கோணத்தில்தான் அழகாகத் தெரியும்.

மனிதர் படத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறார் என்பதும் முக்கியம். முழு உருவமும் தெருவும் லாரியும் சேர்ந்த காட்சியில் காதுக்கென்று சில புள்ளிகள்தான் ஒதுங்கும். அத்தனை சிறிய இடத்தில் எந்த விவரிப்பும் எடுபடாது. மார்பளவுப் படமாகக் கேளுங்கள். அகன்ற காட்சிதான் வேண்டும் என்றால், தலையைப் பிறகு தனியே பெரிதாக்கித் திருத்தும் வேலை இருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

சிறுவர் இதழ் ஒன்றில் வரும் கதை என்று வைத்துக்கொள்வோம். லூதியானாவிலிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றிவரும் ஐம்பது வயது லாரி ஓட்டுநர் அதில் ஒரு பாத்திரம். அவர் படம் வேண்டும். தொடக்கக்காரர் எழுதும் முதல் விவரிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'நீலத் தலைப்பாகை அணிந்த, தாடி வைத்த, புன்னகைக்கும் சீக்கிய லாரி ஓட்டுநர்.'

இதற்கு என்ன வரும் என்பதை ஓரளவு முன்னரே சொல்லிவிடலாம். தலைப்பாகை பளபளக்கும் பட்டில் இருக்கும். கீழ்விளிம்பு நேராக ஓடும். இரண்டு காதுகளும் முழுதாக வெளியே நிற்கும், அல்லது ஒன்றில் துணி காதுக்குப் பின்னால் போகும். கிருதா கத்தரிக்கப்பட்டிருக்கும்.

இப்போது நான்கு விடைகளையும், அவற்றோடு தாடியையும் வரிசையாக நுழைப்போம். முடி: வெட்டாத நீண்ட முடி உச்சியில் கொண்டையாகி முழுவதும் துணிக்குள். நெற்றி: விளிம்பு நடுவில் உயர்ந்து காதுகளை நோக்கிச் சரிகிறது, நடுவில் மஞ்சள் உள்துணியின் சிறு முக்கோணம். காது: மேல்பாதி துணிக்குள், கீழ்ப்பாதியும் சோணையும் வெளியே, விளிம்பின் நிழல் காதின்மேல். தாடி: நரை கலந்தது, காதுக்கு முன்னால் இடைவெளியின்றி ஏறித் துணிக்குள் மறைகிறது. பிடரி: துணி பின்தலை முழுவதையும் மூடுகிறது. முக்கால் பக்கக் கோணம் என்பதால் கடைசி விடை படத்தில் அதிகம் தெரியாது. அதைச் சொல்லாமல் விடலாம். படத்தில் தெரியாத ஒன்றுக்குச் சொல் செலவழித்தால் மற்றச் சொற்களின் வலு குறையும்.

பெரும்பாலான கருவிகள் ஆங்கில விவரிப்பையே நன்றாகப் புரிந்துகொள்கின்றன. ஆகவே கொடுக்க வேண்டிய வடிவம் இது:

```
Chest-up three-quarter portrait of a 50-year-old Sikh truck driver.
Uncut hair tied in a topknot, fully inside a matte blue cotton dastar.
Layered diagonal folds; lower edge peaks at mid-forehead, slopes to the ear.
Small yellow triangle of under-cloth at the forehead.
Cloth covers the top half of the ear; lower half and lobe show below it.
The cloth edge casts a thin shadow on the ear.
Graying beard rises unbroken in front of the ear, disappears under the cloth.
```

இதில் `matte` என்ற சொல் பட்டுப் பளபளப்பைத் தடுக்கிறது. `dastar` என்ற பெயர் மட்டும் போதாது. அதைச் சில கருவிகள் அறியாமல் இருக்கலாம். அதனால்தான் மடிப்புகளின் வடிவமும் கூடவே வருகிறது. நான்கு படங்களாவது ஒரே முறையில் உருவாக்கிப் பாருங்கள். அவற்றில் முகபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். காதும் கிருதாவும் சரியாக வந்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முகபாவத்தைப் பின்னர் மாற்றுவது எளிது, காதைச் சுற்றிய துணியை மாற்றுவதுதான் கடினம்.

ஒரு படம் மற்றெல்லாவற்றிலும் நன்றாக வந்து, காது மட்டும் கெட்டிருந்தால் முழுப்படத்தையும் மீண்டும் கேட்காதீர்கள். படத்தின் ஒரு பகுதியை மட்டும் குறித்து மீண்டும் வரையச் சொல்லும் வசதி இப்போது பல கருவிகளில் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியது, காதை மட்டும் குறிக்காமல், அதைச் சுற்றியுள்ள துணி, கன்னம், தாடியின் மேல்பகுதி எல்லாவற்றையும் சேர்த்துக் குறிப்பது. காதை மட்டும் குறித்தால் பழைய துணியின் விளிம்பு இருந்த இடத்திலேயே நிற்கும். புதிய காதும் பழைய தவற்றுக்குள்தான் பொருந்தி வரும். குறித்த பகுதிக்கான விவரிப்பில் காது பற்றிய வரியையும் தாடி பற்றிய வரியையும் மட்டும் கொடுங்கள். குறித்த பகுதியை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு `Denoising strength` என்ற அளவைக் கேட்கும் கருவியில் 0.5 ஐ ஒட்டித் தொடங்கலாம். மிகக் குறைத்தால் தவறு அப்படியே இருக்கும், மிகக் கூட்டினால் புதிய பகுதியின் நிறமும் வெளிச்சமும் சுற்றியுள்ளதோடு ஒட்டாது.

துப்பட்டா: துணி தளர்ந்திருக்கும்போது

தலைப்பாகை இறுக்கமானது, அதன் விளிம்பு ஒரே இடத்தில் நிற்கும். தலைக்கு மேலே இழுத்துவிட்ட துப்பட்டா தளர்ந்தது. பொதுவாக இரண்டேகால் மீட்டர் முதல் இரண்டரை மீட்டர் வரை நீளமுள்ள அந்தத் துணி, உச்சியில் உராய்வினால் மட்டுமே நிற்கிறது. எனவே அதன் விளிம்பு நெற்றியில் இருப்பதில்லை. முடி தொடங்கும் இடத்திலிருந்து சில விரல் அகலம் பின்னால், உச்சிக்குச் சற்று முன்னால் இருக்கும். வகிடும் அதன் இருபுறம் வாரிய முடியும் முன்னால் தெரிய வேண்டும். கருவிகள் இதை ஹிஜாபோடு குழப்பி, விளிம்பை நெற்றிக்கு இழுத்துவந்துவிடும். 'விளிம்பு வகிட்டின் பாதியில் நிற்கிறது, முன்பாதி முடி தெரிகிறது' என்ற ஒரு வரி அதைத் தடுக்கும்.

காதைக் கடக்கும் விதமும் வேறு. உச்சியிலிருந்து விழும் விளிம்பு தோளை நோக்கி நேராக இறங்குகிறது. காதின் பின்விளிம்பை அது லேசாகத் தொடலாம், அல்லது காதுக்குப் பின்னால் விழலாம். காதின் முன்பகுதியும் சோணையும் வெளியே இருப்பதால் ஜிமிக்கி தெரியும். இங்கே எழுத வேண்டிய வரிசை: முடி காதுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஜிமிக்கி சோணையில் தொங்குகிறது, துப்பட்டா அதற்குப் பின்னால் விழுகிறது. முன், பின் என்ற இந்த மூன்று அடுக்குகளையும் சொல்லாமல் விட்டால் ஜிமிக்கி துணியில் போய்த் தொங்கும்.

பின்னல் எங்கே என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் இருந்தால் துணிக்குள் மறைந்திருக்கும், எழுதத் தேவையில்லை. முன்னால் ஒரு தோளில் விழவேண்டும் என்றால், பின்னல் துணியின் விளிம்புக்கு அடியிலிருந்து கழுத்தருகே வெளியே வருவதாக எழுத வேண்டும். 'தலையில் துப்பட்டா, தோளில் பின்னல்' என்று மட்டும் எழுதினால் துணியின் ஓரமே முறுக்கிப் பின்னலாக மாறிவிடும். இதில் முடியும் துணியும் ஒன்றோடொன்று உருகிக் கலப்பது மிகுதியாக நடப்பது இரண்டும் கறுப்பாக இருக்கும்போதுதான். கறுப்பு முடிக்குக் கறுப்புத் துப்பட்டா தவிர்க்க முடியாததாக இருந்தால், சரிகைக் கரையோ வெளிர் நிற ஓரமோ கேளுங்கள். அந்தக் கரைதான் கருவிக்கும் பார்ப்பவருக்கும் எல்லையைக் காட்டும்.

ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய துணிகளில் உள்ளிருக்கும் முடி மங்கலாகத் தெரியும். அதையும் எழுதலாம். ஆனால் முதல் முயற்சிக்குத் தடித்த பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய துணியில், தெரிவது துணிக்குள் இருக்கும் முடியா வெளியே இருக்கும் முடியா என்று கருவி தடுமாறும்.

நம் ஊரில் சேலை முந்தானையைத் தலைமேல் இழுத்து முக்காடு போடும்போதும் இதே விதிகள்தான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு: முந்தானை இடுப்பிலிருந்தும் தோளிலிருந்தும் வரும் துணி, தனித் துணி அல்ல. 'இடது தோளிலிருந்து மேலேறித் தலையை மூடுகிறது' என்று எழுதாவிட்டால் சேலைக்கு ஒரு முந்தானை, தலைக்கு இன்னொரு துணி என்று இரண்டு வந்துவிடும்.

ஹிஜாப்

இது மூன்றிலும் எளிது. முடியும் காதும் கழுத்தும் முழுவதும் துணிக்குள். உள்ளே ஒரு உள்தொப்பி முடியை இறுக்கிப் பிடித்திருக்கும். வெளித்துணி நெற்றியிலிருந்து கன்னங்களை ஒட்டி இறங்கித் தாடைக்கு அடியில் சேர்கிறது. கருவி இங்கே செய்யும் தவறு, நெற்றியோரம் சில முடியிழைகளை அழகுக்காக வெளியே விடுவது. அதைத் தவிர்க்க உள்தொப்பியைக் குறிப்பிட்டாலே போதும். விளிம்பை ஒட்டி மற்றொரு துணி தெரியும்போது முடிக்கு இடமில்லை. காதும் தோடும் தெரியாது என்பதால் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். பின்தலையில் மட்டும், உள்ளிருக்கும் கொண்டையால் துணி சற்று உப்பியிருக்கும். அதை எழுதாவிட்டால் தலை வழுக்கையின்மேல் துணி போர்த்தியதுபோல் தட்டையாக வரும்.

தோள் துண்டுத் தலைப்பாகை

வயலில் இருப்பவர் துண்டைச் சுற்றிக் கட்டும் தலைப்பாகைக்குத் தஸ்தாரின் விதி எதுவும் பொருந்தாது. துண்டு காதுகளுக்கு மேலாகவே சுற்றும், இரண்டு காதுகளும் முழுதாக வெளியே இருக்கும். துண்டு குட்டையானது என்பதால் பலரின் கட்டில் உச்சி திறந்தே இருக்கும், அங்கே முடி தெரியும். முடி வெட்டப்பட்டதாக இருக்கலாம், கிருதாவும் கத்தரிக்கப்பட்டதாக இருக்கலாம். 'தலைப்பாகை கட்டிய தமிழக உழவர்' என்று மட்டும் எழுதினால் வருவது ராஜஸ்தான் சாஃபாவோ பஞ்சாபித் தலைப்பாகையோதான். 'பழைய வெள்ளைப் பருத்தித் துண்டு, காதுகளுக்கு மேலே ஒரே சுற்றாக முறுக்கிக் கட்டப்பட்டது, முனை பக்கவாட்டில் செருகப்பட்டது, உச்சி திறந்திருக்கிறது' என்று எழுதுங்கள்.

வெளியிடுமுன் பார்ப்பது

படத்தை இருமடங்கு பெரிதாக்குங்கள். துணியின் கீழ்விளிம்பில், நெற்றியின் நடுவில் விரலை வைத்துக் காதுவரை கொண்டு செல்லுங்கள். விரல் எங்கேயும் தாவாமல் செல்ல வேண்டும். காதை அடைந்ததும் விளிம்பு ஒன்று காதின்மேல் போக வேண்டும், அல்லது பின்னால் போக வேண்டும். பாதி வழியில் மேலிருந்து பின்னாலுக்கு மாறியிருந்தால் அந்தப் பகுதியைக் குறித்துத் திருத்துங்கள். பிறகு ஒவ்வொரு முடிக்கற்றையையும் அது தொடங்கும் இடம்வரை பின்தொடருங்கள். துணியில் தொடங்கும் முடியோ, முடியில் முடியும் மடிப்போ இருந்தால் பெரிதாக்கிய படத்தில் அகப்பட்டுவிடும். தலைப்பாகை சீக்கியருடையது என்றால், அதை நாள்தோறும் கட்டுபவர் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். கிருதாவையும் உள்துணியின் முக்கோணத்தையும் மடிப்பின் சாய்வையும் அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.